வெற்றுக் கட்டத்துக்கு என்ன பொருள்?

வார இறுதித் தமிழ்ப் பாடசாலையொன்று, கட்டணச் சலுகை வழங்குவதற்கென எக்செல் அட்டவணையொன்றை வைத்திருந்தது. ஒரே குடும்பத்தின் விண்ணப்பத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் அரைக்கட்டணம் என்றார். மற்றவர் முழுக்கட்டணம் என்றார். இருவரும் அட்டவணையையே சுட்டிக்காட்டினர். இருவர் கூற்றும் சரியாகவே இருந்தது!

அட்டவணையில் நான்கு வரிகள். மாத வருமானம் 1000 யூரோ வரை: இலவசம். 1000 முதல் 2000 வரை, இரண்டு பிள்ளைகள்: அரைக்கட்டணம். 2000க்கு மேல்: சலுகை இல்லை. நான்காவது வரியில் வருமானக் கட்டம் வெறுமை. மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ எனில் அரைக்கட்டணம். விண்ணப்பித்த குடும்பத்துக்கு வருமானம் 2300, பிள்ளைகள் மூவர். மூன்றாம் வரியும் பொருந்துகிறது, நான்காம் வரியும் பொருந்துகிறது.

வெற்றுக் கட்டத்தை 'எதுவாயினும்' என்றும் வாசிக்கலாம், 'மேலுள்ளதே' என்றும் வாசிக்கலாம், 'இன்னும் தீர்மானிக்கவில்லை' என்றும் வாசிக்கலாம். ஆகவே வசனமாக எழுதுமுன் ஒவ்வொரு வெறுமைக்கும் பொருள் கேட்டறிய வேண்டும். அடுத்து, சேர்க்கைகளை எண்ண வேண்டும். வருமானப் பிரிவு மூன்று, பிள்ளைகள் ஒருவர், இருவர், மூவர் அல்லது மேல் என மூன்று; ஆக ஒன்பது. ஒன்பதையும் அட்டவணையில் தேடியபோது, 1500 யூரோவும் ஒரு பிள்ளையும் உடைய குடும்பத்துக்கு எந்த வரியுமே இல்லை என்பது தெரிந்தது. இரு பிள்ளைகளுடன் சரியாக 1000 யூரோ பெறுபவரோ இரு வரிகளில் நின்றார். இவற்றை எழுதுபவர் தாமே நிரப்புதல் தகாது. நிர்வாகக் குழுவே முடிவுசெய்தல் வேண்டும். குழுவின் முடிவுக்குப் பின்னர் விதிகள் இவ்வாறு அமைந்தன:

"விதிகளை மேலிருந்து கீழாக வாசிக்க. முதலில் பொருந்தும் விதியுடன் நிறுத்துக. வருமானம் என்பது வீட்டிலுள்ள வளர்ந்தோர் அனைவரும் இறுதி மூன்று மாதங்களில் கையிற் பெற்ற சம்பளத்தின் மாதச் சராசரி. பிள்ளைகளுக்கான அரச உதவிப்பணம் சேராது. பிள்ளைகள் என்போர் இப்பாடசாலையிற் பயில்வோர் மட்டுமே.

1. சம்பளச் சான்று இல்லையெனில் முடிவு கூறாது, சான்றைக் கேட்க.
2. வருமானம் 1000 அல்லது குறைவு: இலவசம்.
3. பிள்ளைகள் 3 அல்லது மேல், வருமானம் எவ்வளவாயினும்: அரைக்கட்டணம்.
4. வருமானம் 2000 அல்லது குறைவு, பிள்ளைகள் 2: அரைக்கட்டணம்.
5. ஏனையோர்: முழுக்கட்டணம்."

ஐந்தாம் விதியில் அவதானம் தேவை. விடுபட்ட எதனையும் அது ஓசையின்றி விழுங்கிவிடும். 1500 யூரோக் குடும்பத்துக்கு முழுக்கட்டணம் என்று குழு வாய்திறந்து சொன்ன பின்னரே அவ்விதி எழுதப்பட்டது. சான்றில்லாதவரும் அங்கே போய் விழாதிருக்கவே முதலாம் விதி வேண்டியதாயிற்று. அகதிக் குடும்பத்தின் கையில் மூன்று மாதச் சான்று உடனே இருப்பதில்லையே.

பின்னர் ஒன்பது கற்பனைக் குடும்பங்களுடன், எல்லையில் நிற்கும் 1000, 1001, 2000, 2001 என்ற தொகைகளையும் தாளில் எழுதி, அட்டவணையைக் கண்டிராத இருவரிடம் தனித்தனியே கொடுத்தனர். ஓரிடத்தில் மட்டும் விடைகள் மாறின: தந்தை வேறு நகரில் வசிக்கும் குடும்பம். 'வீட்டிலுள்ள' என்ற சொல்லை ஒருவர் முகவரியாகவும் மற்றவர் உறவாகவும் கொண்டிருந்தார். அச்சொல் 'அதே முகவரியிற் பதிவுபெற்ற' என மாற்றப்பட்டது. 2300 யூரோக் குடும்பத்துக்கு அரைக்கட்டணம் கிடைத்தது.