மற்ற தளமெல்லாம் திறக்குது... இது மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?

மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட இன்றுதான் கடைசி நாள். லேப்டாப்பில் யூடியூப் ஓடுகிறது, ஜிமெயில் வருகிறது. கல்லூரியின் தளம் மட்டும் `ERR_EMPTY_RESPONSE` என்று கைவிரிக்கிறது. அம்மா மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பலன் இல்லை. இருக்காது, நெட்டே போயிருந்தால் எல்லாத் தளமுமே படுத்திருக்கும்.

தளத்திடம் கேட்டோம், அங்கிருந்து பதிலே வரவில்லை என்பதுதான் இந்த எரருக்கு அர்த்தம். அதனால் முதலில், போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறக்க வேண்டும். அதிலும் வரவில்லையா? கோளாறு பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான், காத்திருக்க வேண்டியதுதான். போனில் வந்துவிட்டால், சந்தேகம் லேப்டாப் அல்லது வீட்டு இணைப்பின் பக்கம் திரும்புகிறது.

அடுத்து குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல். அதில் பழைய குக்கீ, கேஷ் எதுவும் இருக்காது. அங்கே தளம் திறந்தால், போன வருடம் கட்டணம் கட்டியபோது சேர்ந்த பழைய குக்கீதான் வழியை அடைக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதற்காக எல்லாத் தளங்களின் குக்கீயையும் அழிப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. பெரும்பாலான தளங்களில் லாக்அவுட் ஆகிவிடும். `Settings > Privacy and security > Site settings` போய், அங்கே அந்த ஒரு தளத்தை மட்டும் தேடி, அதன் டேட்டாவை நீக்கினால் போதும். அதன் பிறகும் வராவிட்டால், இன்காக்னிட்டோவில் வழக்கமாக ஓடாத விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

இன்காக்னிட்டோவிலும் அதே எரர், அல்லது `ERR_SSL_PROTOCOL_ERROR` வருகிறது என்றால், ஆன்டிவைரஸைக் கவனிக்க வேண்டும். சில ஆன்டிவைரஸ்கள், பூட்டிய இணைப்பையும் நடுவில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் பிரவுசருக்கு அனுப்பும். சில தளங்களோடு இந்த இடைத்தரகு ஒத்துப்போகாது. கண்டுபிடிப்பது சுலபம். நன்றாகத் திறக்கும் வேறொரு தளத்தில், முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைத் தொட்டு, `Connection is secure`, பிறகு `Certificate is valid` என்று போனால் `Issued By` என்ற இடம் வரும். அங்கே ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், நடுவில் உட்கார்ந்திருப்பது அதுதான். அதன் செட்டிங்ஸில் விதிவிலக்குப் பட்டியலில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேர்க்கலாம். பணம் கட்டும் நேரத்தில் ஆன்டிவைரஸையே அணைத்து வைப்பது வேண்டாத வேலை.

பணம் கட்டும் பட்டனை அழுத்திய பிறகு இந்த எரர் வந்தால் கதை வேறு. பதில் வரவில்லை என்பதால், நாம் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று ஆகிவிடாது. ரீலோட் செய்தால் இரண்டாவது முறையும் பணம் போகலாம். முதலில் வங்கியின் எஸ்எம்எஸ், அடுத்து போனில் தளத்தைத் திறந்து ரசீதுப் பகுதி. இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால்தான் மறுபடி பட்டனைத் தொட வேண்டும்.