தீபாவளி வாரத்தில் ஆபீஸில் யார்?

தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை. ஆனால் யாருக்கும் ஒரு நாள் போதாது. பலகாரம் சுட ஒரு நாள், ஊருக்குப் போக ஒரு நாள், உறவினர் வீடுகளைச் சுற்ற இரண்டு நாள், திரும்பி வர ஒரு நாள். ஆக ஒரு வாரம். ஒரே பிரிவில் நம்மவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் அந்த வாரம் யாருக்கு என்பதில்தான் மனஸ்தாபம் தொடங்குகிறது.

நான் வேலை செய்வது கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குகளுக்கான சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில். எங்கள் பிரிவில் எட்டுப் பேர். தீபாவளி கொண்டாடுபவர்கள் ஐந்து பேர், மலாய்த் தோழியர் இருவர், சீன நண்பர் ஒருவர். கப்பல் யாருடைய பெருநாளுக்காகவும் நிற்காது. எனவே எந்த வேலை நாளிலும் குறைந்தது நான்கு பேர் மேசையில் இருக்க வேண்டும் என்பது மேனேஜர் வைத்திருக்கும் கணக்கு.

முன்பெல்லாம் முந்தி விண்ணப்பித்தவருக்கே லீவு. ஜனவரி முதல் தேதியே நவம்பர் லீவுக்கு விண்ணப்பம் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. ஏப்ரலில் சேர்ந்தவர் எப்படி ஜனவரியில் விண்ணப்பிப்பார்? மூன்று வருடம் தொடர்ந்து ஒருவரே அந்த வாரம் ஆபீஸைக் காத்ததும் உண்டு. சட்டத்தில் இதற்கு மருந்து கிடையாது. வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டு விடுப்பு எத்தனை நாள் என்று சொல்கிறது: இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் குறைந்தது 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16. அந்த நாட்களை எந்த வாரத்தில் எடுப்பது என்பது முதலாளியோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

2025 தொடக்கத்தில் நாங்கள் ஐவரும் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒரு முடிவு செய்தோம். யாருடைய காரணம் பெரியது என்ற பேச்சே கூடாது. பாலிங்கில் அம்மா தனியாக இருக்கிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்யாணமாகி முதல் தீபாவளி, எல்லாமே உண்மைதான். ஆனால் அவற்றைத் தராசில் வைத்தால் கல்யாணமாகாதவர் ஒவ்வொரு வருடமும் தோற்பார்.

அடுத்து கணக்கு. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. லீவு தேவைப்பட்ட வேலை நாட்கள் ஐந்து: முந்தைய வெள்ளி 17, பிறகு செவ்வாய் 21 முதல் வெள்ளி 24 வரை. மற்ற மூவரும் அந்த வாரம் வந்தால் எங்கள் ஐவரில் நாளுக்கு ஒருவர் இருந்தால் போதும். ஐந்து நாள், ஐந்து பேர், ஆளுக்கொரு நாள்! காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் மூத்த அக்கா ஒரே வார்த்தையில் அதைக் கிழித்துப் போட்டார். “புதன்கிழமை ஒரு நாளுக்காக நான் பாலிங்கிலிருந்து வந்துட்டுத் திரும்பவும் போகணுமாப்பா?” உண்மைதான். நடுவில் ஒரு நாள் வேலை என்றால் பயணமே கெட்டது. சமமாகப் பிரிப்பதாக நினைத்து ஐந்து பேரின் வாரத்தையும் உடைத்திருப்போம்.

ஆகவே நாட்களைத் துண்டு துண்டாக்காமல் இரண்டு பாகமாக வைத்தோம். தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வேலை நாளும் பிந்தைய வேலை நாளும் சேர்ந்து ‘பெருநாள் பாகம்’. மீதி மூன்று நாட்கள் ‘வாரப் பாகம்’. ஒரு பாகத்துக்கு ஒருவர். வருடத்துக்கு இருவர்தான் வேலை பார்ப்பார்கள், அதிலும் பாதி வாரம். மற்ற மூவருக்கு முழு வாரமும் கிடைக்கும். ஐந்து வருடத்தில் பத்துப் பாகம், ஆளுக்கு இரண்டு. எல்லாருக்கும் ஒவ்வொரு பாகமும் ஒரு முறை வரும்.

தொடர்ந்து இரண்டு வருடம் யாருக்கும் வராமல் அடுக்குவதுதான் கொஞ்சம் தலையைச் சுற்ற வைத்தது. பெருநாள் பாகத்தை 1, 2, 3, 4, 5 என்ற வரிசையிலும், வாரப் பாகத்தை 3, 4, 5, 1, 2 என்ற வரிசையிலும் கொடுத்தால் சரியாகிறது. முதலாம் எண்காரர் முதல் வருடமும் நான்காம் வருடமும் வருவார். மூன்றாம் எண்காரர் முதல் வருடமும் மூன்றாம் வருடமும். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆள் எண்ணிக்கை மாறினால் அடுக்கும் மாறும். யாருக்கு எந்த எண் என்பதை முறுக்கு டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். எனக்கு நான்கு.

பழைய நாட்காட்டியிலும் இதைச் சோதித்தோம். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். அந்த ஆண்டு இம்முறை இருந்திருந்தால் பெருநாள் பாகக்காரர் புதனும் வெள்ளியும் வேலைக்கு வந்திருக்க வேண்டும். அந்த வெள்ளிதான் எல்லாரும் கண் வைக்கும் நாள். ஒரு லீவு போட்டால் நான்கு நாள் சேர்கிறது. திங்களில் தீபாவளி வந்தால் அதே பாகக்காரருக்குச் சனி, ஞாயிறு, திங்கள் கையில் இருக்கும். ஆக பாகம் ஒன்றானாலும் பாரம் ஒன்றல்ல. இதைச் சரிசெய்ய வழி தேடி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அது சீட்டின் அதிர்ஷ்டம், விரும்பினால் இருவர் பேசி மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதைத் தாளில் எழுத வேண்டும் என்று விட்டோம்.

இந்த மாற்றம் எதிர்பாராத ஒருவருக்கு உதவியது. எங்கள் தம்பி ஒருவன் சேர்ந்து ஒரு வருடம்தான். அவனிடம் இருப்பதே எட்டு நாள். முழு வாரம் எடுத்தால் ஐந்து நாள் காலி. அவன் வீடோ காப்பாரில். முதல் வருடமே வாரப் பாகத்தை வேறொருவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, தன் முறையை அவருக்குக் கொடுத்துவிட்டான்.

மேனேஜரிடம் போகும்போது ஒரே தாள்தான் கொண்டு போனோம். மேலே ஒவ்வொரு வேலை நாளிலும் யார் நால்வர் இருப்பார்கள் என்ற அட்டவணை. அவருக்கு வேண்டியது அதுதான், எங்கள் நியாயம் இல்லை. கீழே மற்ற மூவரோடு முன்பே பேசி முடித்த ஒப்பந்தம். தீபாவளியன்று அவசரத் தொலைபேசியை அவர்களில் ஒருவர் எடுப்பார். நோன்புப் பெருநாள் இரண்டு நாளும் சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் எங்கள் ஐவரின் பொறுப்பு. அந்த வாரங்களில் எங்கள் லீவு அவர்களின் லீவுக்குப் பிறகுதான். இது அவர்களுக்கு நாங்கள் செய்யும் தயவு அல்ல. தீபாவளி வாரம் முழுக்க மூவரும் நகராமல் இருப்பதால்தான் எங்கள் கணக்கே நிற்கிறது. பொது விடுமுறையில் வேலைக்கு அழைத்தால் அதற்குரிய சம்பளம் தனி, அதை இந்த முறையோடு கலக்கவில்லை.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார். வர வேண்டியவர் அன்று எம்.சி. எடுத்தால்? அடுத்த வருடமும் அவரே வரட்டும், அதோடு முழு வாரம் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காய்ச்சலுக்கு அபராதம் போட முடியுமா? பதிலாக, ஊரிலேயே இருப்பவர்களில் ஒருவரை மாற்று ஆளாக முன்பே எழுதுவது, அவர் வந்து பார்த்தால் இருவரின் முறையும் இடம் மாறுவது என்று சொன்னோம். எம்.சி. எடுத்தவர் மாற்று ஆளின் அடுத்த முறையைப் பார்ப்பார், அவ்வளவுதான். சற்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு பார்ப்போம் என்று.

2025 சிக்கலில்லாமல் போனது. 2026க்கும் கையெழுத்து வாங்கிவிட்டோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்கள் பதில் விடுமுறை. எனவே பெருநாள் பாகம் வெள்ளி 6, செவ்வாய் 10. வாரப் பாகம் 11 முதல் 13 வரை, அது என்னுடையது. போன மாதம் புதிதாக ஒரு தங்கை சேர்ந்திருக்கிறாள். இப்போது நாங்கள் ஆறு பேர். ஐந்து வருட அடுக்கை எப்படி ஆறுக்கு மாற்றுவது என்று வரும் வெள்ளிக்கிழமை மதியம் உட்காருகிறோம்.