முதல் செங்கல் யார் கையில்?

பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமலே கோயில் எடுத்ததாக எங்கள் மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்மன் பொறித்து வைத்திருக்கிறான். அவனுக்குப் பாறை கிடைத்தது. நமக்கு மண்தான்.

பூமி பூஜையில் ஈசானிய மூலையில் குழி வெட்டி, நவதானியம் தூவி, பால் விட்டு, மஞ்சள் தடவிய செங்கற்களை ஒற்றைப்படையில் வைக்கிறோம். சரி. ஆனால் அந்தக் காலத்தில் குழி வெட்டியது மண்ணைச் சோதிக்கவும்தான். ஒரு முழ ஆழம் வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டுவார்கள். மிஞ்சினால் கெட்டி நிலம். குறைந்தால் பொலபொலப்பு, கடைக்கால் இன்னும் ஆழம் போகவேண்டும்.

இன்று நல்ல நேரம் தவறக்கூடாதென்று ஐயர் அவசரப்படுகிறார். கொத்தனார் ஓரமாக நிற்கிறார். மண்ணை யாரும் பார்ப்பதில்லை. பிறகு சுவர் விரிந்தால் வாஸ்துவைக் குறை சொல்கிறோம்! ஐயர் மந்திரம் சொல்லட்டும். குழியைக் கொத்தனார் வெட்டிப் பார்த்து, முதல் செங்கல்லை அவரே வைக்கட்டும்.