இன்னுமா வேலை கிடைக்கல?

தோட்டத்தில் வேலை தேடுவது என்று ஒரு காலம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பையன் அடுத்த வாரம் அப்பாவோடு பெரட்டுக்களத்தில் போய் நிற்பான். கிராணி செக்ரோலில் பேரை ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். 1973-ல் பத்து பெரெண்டாமில் சீமென்ஸ் கால் வைத்தது. இன்று இன்ஃபினியன் என்று நாம் சொல்லும் கம்பெனியின் தொடக்கம் அதுதான். அதன்பின் தோட்டத்துப் பெண்கள் ஓப்பரேட்டர்களாகப் போனார்கள். அங்கேயும் அதே வேகம்தான்: கேட்டில் அறிவிப்பு, திங்கட்கிழமை வாக்-இன், அடுத்த திங்கட்கிழமை யூனிஃபார்ம்.

அந்த வேகம் நம் வீடுகளின் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் கல்யாண வீட்டில் பெரியப்பா, ஆட்குறைப்பில் வேலை போன ஒரு சீனியர் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டு, "இன்னுமாப்பா வேலை கிடைக்கல? ரெண்டு மாசமாச்சே!" என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஓப்பரேட்டரின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மேனேஜரின் நேரத்தைப் பார்க்கிறார். வேலை தேடுபவரும் பல சமயம் அதே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மாதம் முடிவதற்குள் தன்னிடம்தான் ஏதோ குறை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

காரணம் எளிது. ஒரு தொழிற்சாலையில் ஓப்பரேட்டர் நூற்றுக்கணக்கில், டெக்னீஷியன் சில பத்து, புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவரோ இருவரோ. பத்து பெரெண்டாம், ஆயர் குரோ, செங், பெகோ என்று எல்லா இடத்தையும் கூட்டினாலும், நம் அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் பொருந்தும் நாற்காலிகள் மலாக்கா மாநிலத்தில் எண்ணிவிடக்கூடியவைதான். அவற்றிலும் பாதி உள்ளேயே பதவி உயர்வில் நிரம்பிவிடும், விளம்பரமாக வெளியே வராது. புதிதாகப் படித்து முடித்த இன்ஜினியரின் சிக்கல் வேறு. அவருக்கு நாற்காலிகள் உண்டு. ஆனால் டுரியான் துங்கலில் யுடெம், ஆயர் குரோவில் எம்எம்யு என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே வட்டாரத்தில் ஆண்டுதோறும் பட்டதாரிகளை இறக்கிவிடுகின்றன. அரசாங்க வேலை என்றால் அது தனிக் கதை. எஸ்பிஏவில் பதிந்துவிட்டு மாதக் கணக்குப் போடுவது வீண். அது ஒரு பக்கம் இருக்கட்டும், தனியாரில் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு பழைய வாய்க்கணக்கு உண்டு: ஆண்டுச் சம்பளத்தில் ஒவ்வொரு பத்தாயிரம் டாலருக்கும் ஒரு மாதம் தேட வேண்டும் என்று. சம்பளம் ஏற ஏறத் தேடல் நீளும் என்பதில் உண்மை உண்டு. மற்றபடி அந்த எண் நமக்கு உதவாது. துறையையும் ஊரையும் பார்க்காத கணக்கு கணக்கே இல்லை. நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காடேக் பக்கம் தோட்டத்தில் பிறந்து, இப்போது அலோர் காஜாவில் தாமான் வீட்டில் இருப்பவர். வயது 46. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 14 வருடம், கடைசியில் அசிஸ்டன்ட் மேனேஜர், சம்பளம் 5,200 ரிங்கிட். மார்ச் 1-ம் தேதி ஆட்குறைப்புக் கடிதம் கையில் வருகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் சட்டப்படி எட்டு வார நோட்டீஸ். ஏப்ரல் கடைசியோடு வேலை முடிகிறது.

முதலில் அவர் செய்ய வேண்டியது, MYFutureJobs, ஜாப்ஸ்ட்ரீட் இரண்டையும் திறந்து, தன் வேலைக்கு உண்மையிலேயே பொருந்தும் காலியிடங்களை எண்ணுவது. பார்த்தவுடன் இருபது தெரியும். ஒரே வேலையை மூன்று ஏஜென்சிகள் தனித்தனியாகப் போட்டிருக்கும், அதை ஒன்றாக எண்ண வேண்டும். மாதக் கணக்கில் திரும்பத் திரும்பப் போடப்படும் விளம்பரத்தை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். சம்பளம் 3,500-க்கு மேல் போகாத 'மேனேஜர்' பதவிகளையும் அப்படியே. சலித்து முடித்தால் மலாக்காவில் மாதம் ஆறு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கும் மனுப் போட்டால் ஒரு இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நேர்முகத்துக்கு நான்கு பேர் வருகிறார்கள், இவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம். நான்கில் ஒன்று என்றால் நான்காவது மாதம் கிடைத்துவிடும் என்று மனம் சொல்கிறது. அப்படி இல்லை. இவரைப் போல 100 பேர் ஒரே நாளில் தேடத் தொடங்கினால், முதல் மாத முடிவில் 25 பேருக்குக் கிடைக்கும், 75 பேர் மிச்சம். அடுத்த மாதம் அந்த 75-ல் கால்வாசி போக 56. பிறகு 42, அப்புறம் 32. அதாவது நான்கு மாதம் முழுதாகத் தேடிய பிறகும் மூன்றில் ஒருவர் கைக்கு வேலை வரவில்லை, அதுவும் எல்லாரும் ஒரே திறமைசாலிகளாக இருக்கும்போதே. எட்டாவது மாத முடிவிலும் பத்துப் பேர் வெளியே நிற்பார்கள். இரண்டாவது மாத முடிவில் மிஞ்சிய அந்த 56 பேரில் ஒருவரைத்தான் பெரியப்பா கல்யாண வீட்டில் பிடித்துக்கொள்கிறார்.

இதோடு இன்னொரு நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த மட்டத்தில் நேர்முகம் நன்றாக முடிந்ததற்கும் முதல் நாள் வேலைக்குப் போவதற்கும் நடுவே ஒன்றரை மாதம் சாதாரணமாக ஓடும். இரண்டாவது நேர்முகம், வெளிநாட்டுத் தலைமையகத்தின் ஒப்புதல், சம்பளப் பேச்சு, மெடிக்கல் செக்கப். ஆக, கடிதம் வந்த நாளிலிருந்தே தேடினால், பாதிப் பேருக்கு மே நடுவில் நல்ல நேர்முகம் அமைந்து, ஜூன் கடைசியில் புது வேலை. மூன்றில் ஒருவருக்கு அது ஆகஸ்ட் நடுவைத் தாண்டும். பத்தில் ஒருவருக்கு டிசம்பர் நடுவையும் தாண்டும். நோட்டீஸ் காலத்தை 'கொஞ்சம் ஓய்வெடுப்போம்' என்று விட்டால் எல்லாத் தேதியும் இரண்டு மாதம் பின்னால் போய்விடும். அந்த எட்டு வாரந்தான் சம்பளத்தோடு தேடக் கிடைக்கும் காலம்.

இப்போது காசு. 2018-ல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தை நம் ஆட்கள் பலர் இன்னும் சொக்சோ காசு என்றுதான் சொல்கிறார்கள், சொக்சோதான் நடத்துகிறது. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கும் ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவருக்கும் கிடையாது. ஆட்குறைப்புக்கும் வி.எஸ்.எஸ். எடுத்தவருக்கும் உண்டு. கட்டிய மாதங்களைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை உதவித்தொகை: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. நம் ஆளுக்கு முதல் மாதம் சுமார் 4,160 ரிங்கிட், கடைசியில் சுமார் 1,560. மே முதல் அக்டோபர் வரை. தேடல் நீள நீளத் தொகை இறங்கும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தில் ஒருவருக்கோ அது தீர்ந்த பிறகும் ஒன்றரை மாதம் வெறுங்கை.

நிறையப் பேர் தப்பாக நம்பும் ஒன்று: 14 வருட சர்வீசுக்கு எப்படியும் ஆட்குறைப்பு நஷ்டஈடு வரும் என்பது. வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற அந்தச் சட்ட விதி மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்குத் தானாகப் பொருந்தாது. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பேச்சு. கடிதம் வந்த அன்றே அந்தப் பழைய பேப்பரைத் தேடி எடுப்பது நல்லது. வராத காசை நம்பிக் காருக்கு முன்பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு, ஆறில் ஒன்று, நான்கில் ஒன்று என்று நான் வைத்தவை கணக்குக்காக வைத்தவை. ஆறேழு வாரம் தேடியதும் ஒவ்வொருவரும் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு மனுவுக்கு ஒரு அழைப்பும் இல்லையென்றால் ரெசூமேயிலோ கேட்கும் சம்பளத்திலோ கோளாறு, நேர்முகப் பயிற்சி அதைத் தீர்க்காது. அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நிற்கிறது என்றால் கோளாறு நேர்முகத்தில். இரண்டும் சரி, ஆனால் மாதத்துக்கு இரண்டு காலியிடந்தான் என்றால் ஆளிடம் குறையே இல்லை, ஊர்தான் சின்னது. அப்போது சிரம்பான், நீலாய், மூவார் என்று வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். பண்டிகைக் கால மௌனத்தை இதில் சேர்க்கக்கூடாது. டிசம்பரில் பலரும் போனசுக்காகக் காத்திருப்பார்கள், சீனப் பெருநாள் முடிந்த பிறகுதான் நாற்காலிகள் அசையத் தொடங்கும்.

கடைசியில் வரும் கேள்வி, குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்டலாமா என்பது. உதவித்தொகையின் ஐந்தாவது மாதம் நம் ஆளுக்கு 4,300-க்கு ஒரு வேலை வருகிறது. வேண்டாம் என்றால் அந்த மாதம் கையில் 1,560, அதாவது 2,740 இழப்பு. பிறகு பழைய 5,200 கிடைத்தாலும் மாதம் 900 தானே கூடுதல். ஒரு மாதம் காத்திருந்ததை ஈடுகட்ட மூன்று மாதம் ஆகும். உதவித்தொகை நின்ற பிறகு காத்திருந்தால் ஒவ்வொரு மாதத்தையும் ஈடுகட்டக் கிட்டத்தட்ட ஐந்து மாதம். இவ்வளவு பார்த்தால் ஏற்றுக்கொள்வதே சரி என்று தோன்றும். ஆனால் அடுத்த கம்பெனியின் எச்ஆர் 'கடைசியாக எவ்வளவு வாங்கினீர்கள்?' என்றுதான் பேச்சைத் தொடங்குவார், 4,300 என்பது அங்கேயும் கூட வரும். அதனால் இரண்டாவது மாதத்தில் வரும் 4,300-ஐ நான் யோசிக்கச் சொல்வேன், ஐந்தாவது மாதத்தில் வருவதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எந்த மாதத்தில் எவ்வளவுக்கு இறங்குவது என்பதை மார்ச் மாதமே, கையில் சம்பளம் இருக்கும்போதே, வீட்டம்மாவோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிட வேண்டும். ஐந்தாவது மாதத்தில் உட்கார்ந்தால் பயம்தான் எழுதும்.