வைஃபையில் தெரியாத பெயர்: திருடனா, உங்க போனேவா?

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டுக் கதவைத் தட்டியது. பூட்டில்லாத அவரது வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான்.

சரி, நம் ரௌட்டரில் இப்போது யார் இருக்கிறார்கள்?

வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்யுங்கள். சரியான முகவரியும் லாகின் விவரமும் ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் Connected Devices அல்லது Wireless Clients என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். DHCP Clients பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் வந்துபோன விருந்தாளியின் போன்கூட அதில் மணிக்கணக்கில் கிடக்கும்.

ஒரு வீட்டில் நாலு போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப். பட்டியலிலோ எட்டு. கூடுதலாக இருப்பதில் ஒன்றின் பெயர் ESP_ என்று தொடங்குகிறது. ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் உள்ள சிப் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். இன்னொன்றுக்குப் பெயரே இல்லை. மேக் முகவரி மட்டும் DA:31:7F:04:9C:52.

இதில் இரண்டாவது எழுத்தைக் கவனியுங்கள். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அநேகமாக அது போன் தானாக உருவாக்கிக்கொண்ட போலி முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இப்படிச் செய்கின்றன. ஆக, 'திருடன்' உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் போனும் இதையேதான் செய்யும். அதனால் அந்த எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

உறுதி செய்ய ஒரு வழி, கழித்துப் பார்ப்பது. ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். எந்த வரி மறைகிறதோ அது அந்த போன். டிவி, பல்பு, பிளக் எல்லாவற்றையும் அணைத்த பிறகும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கருவியைத் தவிர ஒன்று மிஞ்சினால், அதுதான் வெளியாள்.

அந்த ஒன்றை மட்டும் Block செய்தால் போதாது. முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி நுழைந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டையே மாற்றுங்கள், WPS வசதியை அணையுங்கள், ரௌட்டரின் லாகின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பல்பு முதல் டிவி வரை எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அரை மணி நேர வேலைதான். ஆனால் பழைய பாஸ்வேர்டு தெரிந்த யாரும் இனி உள்ளே வர முடியாது.