மருமகள் காதுகுத்துக்கு மாமனுக்கு எதற்கு லீவு?

"காது குத்த ஐந்து நிமிஷம். உனக்கு எதற்கு இரண்டு நாள்? அதுவும் உன் பிள்ளை இல்லையே!" லீவு கேட்டுப் போன நம் தோழர் ஒருவரிடம் புதிதாக வந்த துரை கேட்ட கேள்வி இது. தோழருக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. "எங்க சம்பிரதாயம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். லீவு கிடைக்கவில்லை.

துரை வேண்டுமென்றே மறுத்தார் என்று நாம் நினைக்கவில்லை. அவர் கண்ட காதுகுத்து, டவுனில் நகைக்கடையில் கருவியை வைத்து 'டக்' என்று அடிப்பது. அதற்கு மாமன் தேவையில்லைதானே? 'சம்பிரதாயம்' என்ற ஒரு சொல் அவருக்கு எதையும் விளக்காது. விளக்க வேண்டியது மாமனைப் பற்றி.

நம் காதுகுத்தில் முதலில் பிள்ளைக்கு மொட்டை போடுகிறோம். குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, மாமன் கொண்டுவந்த புதுத்துணியை உடுத்துகிறோம். பிறகு தாய்மாமன் கிழக்கே பார்த்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, பத்தர் குத்துகிறார். தோடும் பெரும்பாலும் மாமன் சீர்தான். அந்த மடியில் வேறு ஒருவர் உட்கார்ந்தால் சபையில் கேட்கும் முதல் கேள்வி, "ஏன், அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டையா?" என்பதே. பிள்ளையின் அப்பா பக்கத்தில் நின்றால் போதும். மாமன் இல்லாமல் காரியம் நடக்காது. ஆகவே "உன் பிள்ளை இல்லையே" என்ற கேள்விக்கு நம் பதில்: "அதனால்தான் சார் நான் போகணும்."

அடுத்த கேள்வி, ஏன் ஞாயிற்றுக்கிழமை வைக்கவில்லை என்பது. பிள்ளைக்கு ஒற்றைப்படை வயது பார்க்கிறோம். ஆடி, மார்கழியை விடுகிறோம். மிச்ச மாதங்களிலும் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் தேடுகிறோம். சிங்களத் துரையாக இருந்தால் இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 'நெகத்' என்றால் அவருக்கே புரியும். 'கன் விதீம' அவர்கள் வீடுகளிலும் உண்டு. பிள்ளையின் அம்மாவுடைய அண்ணன் தம்பியை அவர்களும் 'மாமா' என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: ஞாயிற்றுக்கிழமையிலேயே நல்ல நேரம் இருக்கும்போது, மண்டபம் கிடைக்கவில்லை என்று வேலை நாளில் வைத்துவிட்டு நெகத் என்று சொல்லக் கூடாது. துரைமாரும் காலண்டர் பார்ப்பார்கள்.

அந்தத் தோழருக்கு நாம் மறுபடி எழுதிக் கொடுத்த கடிதத்தின் சாரம் இது: "என் தங்கையின் மூன்று வயது மகளுக்கு வியாழக்கிழமை காலை காது குத்துகிறார்கள். தாய்மாமனாகிய என் மடியில் வைத்தே குத்த வேண்டும். தங்கை வீடு பண்டாரவளைப் பக்கம். ஹட்டனிலிருந்து முதல் நாளே ரயில் ஏற வேண்டும். புதனும் வியாழனும் லீவு தருமாறு கேட்கிறேன். வெள்ளி காலை பிரட்டுக்கு வந்துவிடுவேன்." அவ்வளவுதான். 'குடும்ப விழா' என்று மொட்டையாக எழுதியிருந்தால் யாருடைய விழா, எத்தனை நாள் என்று மறுபடி கேள்வி வந்திருக்கும். முன்பு அவர் பிரட்டுக்களத்தில், எல்லாரும் வேலைக்குப் பிரியும் நேரத்தில் கேட்டார். இந்த முறை பத்து நாள் முன்னதாக, தோட்டத் தலைவருடன் ஒப்பீசுக்குப் போய்க் கொடுத்தார்.

காதுகுத்துக்கென்று தனி லீவு சட்டத்தில் இல்லை. தலைவர்கள் இதை உரிமை என்று மேசையில் தட்டிப் பேசினால் வாதம் அங்கேயே முறியும். இருப்பது வருடாந்த விடுமுறை. போன வருஷம் எத்தனை நாள் பேர் விழுந்ததோ அதைப் பொறுத்து அது சேரும். அதில் மிச்சம் இருந்தால் சம்பளத்தோடு கேட்கலாம். இல்லாவிட்டால் பேர் இல்லாமல் போக அனுமதி கேட்க வேண்டும். சொல்லாமல் நின்றதும், கேட்டுவிட்டு நின்றதும் அப்போது ஒன்றாகாது. தோழருக்கு ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. புதன் பேர் இல்லாமலும் வியாழன் சம்பளத்தோடும் கிடைத்தது.

நம்மில் சிலர் இந்தப் பாடே வேண்டாம் என்று "அப்பாயி செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காதுகுத்தைத் துரை மதிக்கமாட்டார், சாவை மதிப்பார் என்ற கணக்கு. மொட்டைத் தலைப் பிள்ளையோடு மாமன் சிரிக்கும் படம் ஒரே நாளில் எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. பிறகு உண்மையில் சாவு விழும்போது, லயத்தில் பிணத்தை வைத்துக்கொண்டு ஒப்பீசில் நம்பவைக்க நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவர் ஒருவர் மட்டுமல்ல, அடுத்து கேட்கப் போகிறவரும்.

சிங்களத்திலோ இங்கிலீஷிலோ கடிதம் வேண்டுமென்றால், பள்ளி விட்ட பிறகு வாருங்கள், எழுதித் தருகிறோம். பிள்ளையின் வயது, நாள், நேரம், ஊர், இவற்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெரிய கிளாக்கரிடம் திகதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.