ஓசி கிரைண்டரா? முதல் வரியிலேயே சொல்லிடுங்க!

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் கையில் செல்போன் வைத்திருக்கிற பாதிப் பேர் இப்போது "விமர்சகர்"தான். ஒருவர் வீட்டுக்கு டேபிள்-டாப் கிரைண்டர் பார்சலில் வருகிறது என்று வையுங்கள். பில் கிடையாது. மறுநாள் வீடியோ: "சூப்பர் கிரைண்டருங்க, கண்ணை மூடிட்டு வாங்கலாம்!" ஓசியில் வந்த கதை மட்டும் வாயில் வராது.

இது தப்பா? தப்புதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலேயே விதி போட்டுவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விளக்கம் இன்னும் பச்சையாகச் சொல்கிறது. பணம் மட்டுமல்ல, பரிசு, தள்ளுபடி, கேட்காமலே வந்த இலவசப் பொருள் எல்லாமே "தொடர்பு"தான். அதை மறைக்கக் கூடாது. பொய் விளம்பரத்துக்குத் துணை போனால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 50 லட்சம் வரை!

எங்கே சொல்வது?

கடைசியில், இருபது குறிச்சொற்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. வீடியோ என்றால் வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். பேசுவது தமிழ் என்றால் அறிவிப்பும் தமிழில்தான்.

"நன்றி, அன்பளிப்பு" என்று மழுப்பினால் யாருக்குப் புரியும்? இப்படிச் சொல்லுங்கள்: "இந்த கிரைண்டரை கம்பெனி சும்மா கொடுத்தாங்க. திருப்பித் தர வேண்டியதில்லை. பணம் வாங்கலை. வீடியோவை அவங்களுக்கு முன்கூட்டிக் காட்டலை." நாலே வரி. நாலும் நிஜமாக இருக்க வேண்டும்!

சொன்னால் மதிப்பு போகுமா?

சொன்னதால் போகாது. சொல்லிவிட்டு வெறும் புகழ்ச்சி பாடினால்தான் போகும். அதனால் பார்ப்பவரே சரிபார்க்கிற மாதிரி விவரம் கொடுங்கள். எத்தனை டம்ளர் உளுந்து போட்டீர்கள், எத்தனை நிமிடம் ஆனது, மாவு சூடானதா, எத்தனை நாள் ஓட்டினீர்கள்? ஒரு வாரம்தான் ஓட்டியிருந்தால் பெல்ட், கல் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "தெரியாது" என்று சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. கம்பெனி அனுப்புவது பொறுக்கி எடுத்த பீஸாக இருக்கலாம். கடையில் அதே மாடலை வாங்கிய பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அவங்க கிரைண்டர் சத்தம் போட்டால் அதையும் சொல்லுங்கள். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு உடனே ஆள் வருவான். அக்காவுக்கு எத்தனை நாளில் வந்தான்? அதுதான் செய்தி!

ஊருக்கு மட்டும் உபதேசம் இல்லை. பிரஸ் மீட்டில் கையில் திணிக்கிற பையை நானும் வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் மறுநாள் செய்தி எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

அந்தத் தயக்கம் வாசகருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவரே கழித்துக்கொண்டு படிப்பார். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஓசி விமர்சனம் அந்தப் பெயரைக் கெடுக்கலாமா?